பொதி தூக்கினால் நெஞ்சு நோகிறது, படுத்தால் எரிகிறது: இதயமா?

கேள்வி: வயது 28. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். பத்து நாட்களாக இடது நெஞ்சில் நோகிறது. துணிப் பொதி தூக்கினால் கூடுகிறது. பார்மசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டேன். ஐந்தாறு நாட்களில் நடுநெஞ்சில் எரிவும் தொடங்கிவிட்டது. இரவு பத்தரைக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தொண்டை வரை புளிக்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் ஒன்றும் தெரிவதில்லை. அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கும் அதுதானா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, உங்களுக்கு இருப்பது ஒரு நோ அல்ல, இரண்டு என்று நினைக்கிறேன். முதலாவதற்குப் போட்ட மாத்திரைதான் இரண்டாவதைக் கொண்டுவந்திருக்கிறது.

பொதி தூக்கும்போது வரும் நோவைத் தசைப்பிடிப்பு என்று உடனே சொல்லிவிட முடியாது. பாரம் தூக்கும்போது தசையும் உழைக்கிறது, இதயமும் உழைக்கிறது. ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓடும்போது இதயத்துக்கு வேலை கூடுகிறது. நெஞ்சுத் தசைக்கோ பெரிய இழுவை இல்லை. இரத்தக் குழாய் அடைப்பினால் வரும் நோ என்றால் ஓட்டத்திலும் படி ஏறும்போதும் இறுக்கமாக வந்து, நின்றால் சில நிமிடங்களில் தணியும். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆறுதல் தந்தது பஸ்ஸைப் பற்றிய அந்த ஒரு வரிதான். இனி ஒரு விரலால் நெஞ்செலும்பின் இடது ஓரத்தை, விலா எலும்புகள் வந்து சேரும் இடங்களில் அழுத்திப் பாருங்கள். அதே நோ அதே இடத்தில் வந்தால், உடலைத் திருப்பும்போதும் கையை உயர்த்தும்போதும் கூடினால், தசை அல்லது குருத்தெலும்பு என்ற பக்கமே பலக்கிறது.

எரிவுக்கு வருவோம். டைக்ளோஃபெனாக் நோவைக் குறைக்கும். ஆனால் வயிற்றின் உட்சுவரைக் காக்கும் படலத்தையும் நலியச் செய்யும். அதற்கு மேல் எண்ணெய்ச் சாப்பாடு, உடனே படுக்கை. நிரம்பிய வயிற்றில் உள்ள அமிலம் மேலே ஏறுவதற்கு வேறென்ன வேண்டும்? அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். நோவுக்குப் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை போடலாம். 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணித்தியாலம் விடுங்கள். கடை பூட்ட நேரமாகும் என்று தெரியும். அப்படியானால் மாலை ஆறு மணிக்கே கடையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இலேசாக ஏதாவது எடுங்கள். தலையணைகளை அடுக்காதீர்கள், வயிறு மடிந்து அமிலம் இன்னும் ஏறும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே அரை அடிக் கட்டை வைப்பதே சரி.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். அமிலத்துக்கான மருந்து குடித்ததும் நோ குறைந்தால் அது 'வாயு'தான் என்று முடிவெடுப்பது ஆபத்து. சில வருடங்களுக்கு முன் 34 வயது முச்சக்கரவண்டி ஓட்டுநர் ஒருவர் அப்படித்தான் ஒரு பகல் முழுவதும் காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார். முதல் ஈ.சி.ஜி.யில் எதுவும் தெரியவில்லை. வியர்வை நிற்காததால் அரை மணித்தியாலத்தில் மீண்டும் எடுத்தோம். அதில்தான் மாரடைப்பு தெரிந்தது. அவரது தந்தைக்கும் இளவயதிலேயே வந்திருந்தது. தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதை நாங்கள் தனியாகக் குறித்துக்கொள்வோம். அதனால் நீங்கள் இந்த வாரமே ஒரு வைத்தியரிடம் நேரில் போய் ஈ.சி.ஜி. எடுத்து, இரத்த அழுத்தம், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பாருங்கள். புகைப்பவர் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

படுத்தால் கூடுவதெல்லாம் அமிலமும் அல்ல. காய்ச்சல், தடிமலுக்குப் பிறகு இதயத்தைச் சுற்றிய உறை அழன்றாலும் படுக்கும்போது நெஞ்சு குத்தும். மூச்சை இழுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். புளிப்பு இருக்காது. அப்படியானால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சல் உள்ள நாளில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். டெங்கு என்றால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

நடுநெஞ்சை அமுக்குவது போன்ற நோ பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால், இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால், திடீரென மூச்சு முட்டினால், மயக்கம் வந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்படாதீர்கள்.