தேவகோட்டை போர் தண்ணீருக்கு ஆர்.ஓ.வா, யூ.வி.யா?

கேள்வி: தேவகோட்டையில் வீடு. போர் தண்ணீர் டெஸ்டில் டிடிஎஸ் 1,100, கடினத்தன்மை 520 என்று வந்தது. ஆர்.ஓ. வாங்கவா, யூ.வி. போதுமா ஐயா? விற்க வந்தவர் தண்ணீரில் கம்பி விட்டுக் காட்டினார். கறுப்பாகத் திரண்டது. பயமாக இருக்கிறது.

பதில்: உங்களுக்கு ஆர்.ஓ.தான். யூ.வி. விளக்கு கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. உள்ளே போன 520 கடினத்தன்மை அப்படியே வெளியே வரும். அதோடு, விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடிக் குழாயில் வெள்ளையாக உப்புப் படிந்து ஒளியை மறைத்துவிடும். விளக்கு எரியும், ஆனால் கிருமி சாகாது.

ஆர்.ஓ.வுக்குள்ளும் இதே உப்பு, தண்ணீரை வடிகட்டும் சவ்வை அடைக்கும். உப்புப் படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் கேட்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். டேங்க் நிரம்ப வழக்கத்தைவிட நேரமானால், சவ்வு அடைபட்டிருக்கலாம்.

அந்தக் கம்பி வித்தைக்குப் பயப்பட வேண்டாம். கறுப்பும் பழுப்புமாகத் திரண்டது உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. மின்சாரம் பாய்ந்ததும் அவருடைய இரும்புக் கம்பியே கரைந்து துருவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் பாய உப்பு போதாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அடுத்த முறை வந்தால், அவர் காட்டும் ‘சுத்தமான’ டம்ளரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். ஊர் ஊராக இதைக் காட்டி வயதானவர்களை மிரட்டி விற்கிறார்கள். தட்டிக் கேட்க ஆளில்லை என்பதுதான் எரிச்சல்.

இன்னொன்று. மெஷினை மாட்டும்போது, “தண்ணீர் சப்பென்று இருக்கும், கொஞ்சம் ருசி ஏற்றித் தருகிறேன்” என்று ஒரு ஸ்குரூவைத் திருப்புவார்கள். அது ஆர்.ஓ. சவ்வு வழியே போகாத போர் தண்ணீரைக் கலந்துவிடும் வால்வு. பலருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பழைய வீடுகளில் கொல்லைப்புறத்தில் போரும் கழிவறைத் தொட்டியும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். அங்கே நைட்ரேட் இறங்கியிருக்கலாம். உங்கள் ரிப்போர்ட்டில் நைட்ரேட் என்ற வரியைத் தேடுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அந்த ஸ்குரூவை முழுக்க மூடச் சொல்லுங்கள். அந்த வரியே இல்லையென்றால் அதற்கு மட்டும் தனியாக டெஸ்ட் கொடுங்கள். டிடிஎஸ் மீட்டரில் இது தெரியாது, யூ.வி.யில் போகாது, கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி இன்னும் கூடும். கைக்குழந்தைக்கு நைட்ரேட் கூடிய தண்ணீரில் பால் பவுடர் கலக்கவே கூடாது.

ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் கழிவாக வெளியே போகும். உங்கள் கணக்கில் அதன் டிடிஎஸ் 1,400க்கு மேல் இருக்கும். செடிக்கு விட வேண்டாம். ஆத்தங்குடித் தரையைத் துடைத்தால் வெள்ளைத் திட்டு விழும். ஒரு பீப்பாயில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றுங்கள்.