நேர்முகத் தேர்வுக்கு முன்பே அடையாள அட்டை கேட்கும் ஆள்சேர்ப்பாளர்

கேள்வி: கல்முனையில் இருக்கிறேன். கட்டாரில் உள்ள நிறுவனமொன்றின் ஆள்சேர்ப்பாளர் என்று ஒருவர் லிங்க்ட்இனில் செய்தி அனுப்பினார். வாட்ஸ்அப்பில் சுயவிபரக் கோவையும் அடையாள அட்டையின் படமும் அனுப்பச் சொல்கிறார். இவர் உண்மையானவரா என்று எப்படி அறிவது? என் லிங்க்ட்இன் பக்கத்தில் எதையெல்லாம் மறைக்க வேண்டும்?

பதில்:

அடையாள அட்டையின் படத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அந்த வேலை உண்மையானதாகவே இருந்தாலும், இந்தக் கட்டத்தில் அதை அனுப்பாததால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

நான் மட்டக்களப்பில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். விண்ணப்பங்களைப் பார்ப்பதும் ஆட்களைத் தெரிவு செய்வதும் என் அன்றாட வேலை என்பதால், ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். உண்மையான ஆள்சேர்ப்பில் ஆவணங்கள் கேட்கப்படுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் சுயவிபரக் கோவையைப் பார்ப்போம். பொருத்தமாக இருந்தால் நேர்முகத் தேர்வுக்கு அழைப்போம். தெரிவானவரிடம் சம்பளம் பேசுவோம். அவர் சம்மதித்த பிறகே நியமனக் கடிதத்துக்காக அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சான்றிதழ்கள் ஆகியவற்றின் பிரதிகளையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் கேட்போம். வேலைக்கு எடுப்போமா என்றே தெரியாத ஒருவரின் அடையாள அட்டைப் படத்தால் எந்த மனிதவளப் பிரிவுக்கும் பயன் இல்லை. அதைப் பாதுகாக்கும் பொறுப்புத்தான் கூடும். மோசடிக்காரருக்கோ அந்தப் படமே தேவை, நேர்முகத் தேர்வு தேவையில்லை. அதனால் அவரிடம் இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கும். செய்தியின் மொழிநடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிழைகள் நிறைந்த ஆங்கிலம்தான் மோசடியின் அடையாளம் என்று நம்பியிருந்த காலம் போய்விட்டது. இப்போது அவர்களுடைய கடிதங்கள் எங்களுடைய கடிதங்களைவிடச் சுத்தமாக இருக்கின்றன. வாட்ஸ்அப்பும் தன்னளவில் குற்றமல்ல, ஏனெனில் நேர்முகத் தேர்வின் நேரத்தை அறிவிக்க நாங்களும் அதையே பயன்படுத்துகிறோம். முறையாகப் பேசிப் பார்ப்பதற்கு முன்பே உரையாடலை அங்கே நகர்த்தி, அங்கே வைத்து ஆவணம் கேட்பதுதான் கவனிக்க வேண்டிய விடயம். லிங்க்ட்இனில் ஒருவர் முறையிட்டால் அந்தப் போலிக் கணக்கு நீக்கப்படலாம் என்பதால், அதற்கு முன்பே உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கையில் எடுத்துவிட அவர்கள் அவசரப்படுகிறார்கள்.

களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த, கணக்கியல் படித்த தங்கை ஒருவருக்கு இப்படி வந்த அழைப்பை அவருடன் அமர்ந்து சரிபார்த்தேன். கட்டாரில் உண்மையாகவே இயங்கும் ஒரு கட்டுமான நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, கணக்கு உதவியாளர் பதவிக்கு மாதம் 9,000 ரியால் தருவதாக எழுதியிருந்தார்கள். அந்தப் பதவிக்கு அங்கே வழமையாகக் கிடைப்பதைவிட அது மிக அதிகம். நேர்முகத் தேர்வு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் எழுத்து மூலம் சில கேள்விகள் கேட்கப்பட்டன. முகத்தையோ குரலையோ யாரும் காட்டவில்லை. அன்று மாலையே முத்திரையும் கையொப்பமும் உள்ள நியமனக் கடிதம் வந்தது. “அண்ணா, கடிதமே வந்துவிட்டதே, இனி என்ன சந்தேகம்?” என்றுதான் அவர் என்னிடம் கேட்டார். கடிதத்தோடு, விசா நடைமுறைச் செலவுக்காக 45,000 ரூபாயை இரண்டு நாட்களுக்குள் வைப்புச் செய்யுமாறு ஒரு கணக்கு இலக்கமும் வந்திருந்தது.

முதலில் மின்னஞ்சல் முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நிறுவனத்தின் பெயரில் m வர வேண்டிய இடத்தில் r, n என்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து இருந்தன. சிறிய தொலைபேசித் திரையில் rn என்பது m போலவே தெரியும். எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் பிடிபடும். @ குறிக்குப் பின்னால் உள்ள பகுதியை lookup.icann.org என்ற தளத்தில் இட்டுப் பார்த்தபோது, அந்த இணையப் பெயர் முந்தைய மாதம்தான் பதிவு செய்யப்பட்டிருந்தது. பல வருடங்களாக இயங்கும் நிறுவனம் தன் மின்னஞ்சல் பெயரைப் போன மாதம் பதிவு செய்திருக்காது. எல்லா நாட்டு முகவரிகளுக்கும் அந்தத் தளம் பதிவுத் திகதியைக் காட்டாது என்பதால், விவரம் கிடைக்காமல் போவதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து அந்த ஆள்சேர்ப்பாளரின் லிங்க்ட்இன் பக்கத்துக்குச் சென்று, பெயருக்குக் கீழே உள்ள More என்பதை அழுத்தி About this profile என்பதைத் திறந்தோம். கணக்கு எந்த மாதம், எந்த வருடம் தொடங்கப்பட்டது, புகைப்படமும் தொடர்பு விவரங்களும் எப்போது மாற்றப்பட்டன, பணியிடமோ அடையாளமோ சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்பவை அங்கே தெரியும். பதினைந்து வருட அனுபவம் எழுதியிருந்த அந்த மனிதரின் கணக்கு அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் பழைய கணக்கு என்றால் நம்பலாம் என்றும் எண்ணிவிடக் கூடாது. களவாடப்பட்ட பழைய கணக்குகளும் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய கணக்கில் புகைப்படமும் தொடர்பு விவரங்களும் மட்டும் அண்மையில் மாறியிருந்தால் அது எச்சரிக்கை.

எல்லாவற்றையும்விட வலுவான சோதனை மிக எளிமையானது. செய்தியில் தரப்பட்ட இணைப்பையோ தொலைபேசி இலக்கத்தையோ தொடாமல், நிறுவனத்தின் இணையத்தளத்தை நாங்களாகவே தேடித் திறந்து, அங்கே இருந்த முகவரிக்கு இந்தப் பெயரில் உங்களிடம் ஆள்சேர்ப்பாளர் இருக்கிறாரா என்று எழுதிக் கேட்டோம். அப்படி எவரும் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு முன்பே பணக் கோரிக்கை எனக்குப் போதுமானதாக இருந்தது. கட்டாருக்கு வேலை விசாவில் செல்லும் இலங்கையருக்கான மருத்துவப் பரிசோதனை, கைரேகைப் பதிவு, ஒப்பந்தத்தில் கையொப்பமிடுதல் ஆகியவை 2018இல் கொழும்பில் திறக்கப்பட்ட கட்டார் விசா நிலையத்தில் நடைபெறுகின்றன. அந்த விண்ணப்பத்தைத் தொடங்குவதும் அதற்கான கட்டணத்தைச் செலுத்துவதும் தொழில்வழங்குநரின் வேலை. எனவே விசாச் செலவை இலங்கையிலுள்ள தனிநபர் ஒருவரின் கணக்கில் இடச் சொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. அந்தக் கணக்கின் உரிமையாளரே மோசடிக்காரர் என்றும் சொல்ல முடியாது. அவரும் முன்னர் இதே போன்ற வேலைக்கு அடையாள அட்டையைக் கொடுத்து ஏமாந்தவராக இருக்கலாம்.

உங்களுக்கு எழுதியவர் இலங்கை முகவர் நிலையம் ஒன்றின் பெயரைச் சொன்னால், அந்த நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். அதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் slbfe.lk தளத்தில் சரிபார்க்கலாம், அல்லது 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். முகவர் இல்லாமல் நிறுவனம் நேரடியாக ஆள் எடுப்பதும் நடக்கிறது; அப்போதும் புறப்படுவதற்கு முன் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து சேருங்கள், பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அத்துடன் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இனி உங்கள் பக்கம். லிங்க்ட்இன் அமைப்புகளைத் தொடுவதற்கு முன் சுயவிபரக் கோவையைத் திறந்து பாருங்கள் என்பதே என் அழுத்தமான வேண்டுகோள். நம் பகுதியில் பாடசாலைக் காலத்திலிருந்து கைமாறி வரும் மாதிரியில் முழு விலாசம், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், திருமண நிலை, இரண்டு உறவினரல்லாத சான்றாளர்களின் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் முதற்பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ இருக்கும். அதை அப்படியே பக்கத்தில் பதிவேற்றி வைத்திருக்கும் பலரைப் பார்க்கிறேன். அடையாள அட்டை இலக்கம் வெறும் தொடர் எண் அல்ல. 12 இலக்கம் கொண்ட புதிய எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம்; அடுத்த மூன்றும், பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ணினால், வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1998645 என்று தொடங்கினால், 1998 மே 24ஆம் திகதி பிறந்த பெண் என்று எவரும் கணித்துவிடலாம். இலக்கத்துடன் அட்டையின் படமும் உங்கள் முகமும் சேர்ந்து கிடைத்தால், உங்கள் பெயரில் சிம் அட்டை எடுக்கவும் இணையவழிக் கடன் செயலிகளில் விண்ணப்பிக்கவும் முயல்வார்கள்.

ஆகவே பொதுவில் வைக்கும் பிரதியில் பெயர், மாவட்டம், இதற்கென்றே திறந்த ஒரு மின்னஞ்சல், கல்வி, அனுபவம் ஆகியவை போதும். சான்றாளர்களின் இடத்தில் கோரும்போது வழங்கப்படும் என்று எழுதுங்கள். அவர்களுடைய இலக்கத்தை வெளியிடும் உரிமை நமக்கு இல்லை. லிங்க்ட்இனில் Settings & Privacy என்பதற்குள் Visibility பகுதியில், மின்னஞ்சலை யார் பார்க்கலாம், தொலைபேசி இலக்கத்தைக் கொண்டு உங்களை யார் கண்டுபிடிக்கலாம், உங்கள் தொடர்புகளின் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற மூன்றையும் குறுக்கிவிடுங்கள். தொடர்புப் பட்டியல் திறந்திருந்தால், உங்களை ஏமாற்ற முடியாதவர் உங்கள் நண்பரிடம் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு போவார். வேலை தேடுவதைக் காட்டும் Open to work அமைப்பில் Recruiters only என்பதைத் தெரிவு செய்தால், புகைப்படத்தைச் சுற்றிய பச்சை வளையம் மறையும். வேலை தேடும் செய்தி லிங்க்ட்இனின் கட்டண ஆள்சேர்ப்புச் சேவையைப் பயன்படுத்துவோருக்கு மட்டுமே தெரியும். இதனால் வரும் செய்திகள் குறையலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் நான் இதையே பரிந்துரைப்பேன்.

பின்னர் உண்மையான நிறுவனம் ஆவணம் கேட்கும் நாள் வரும்போது, பிரதியின் குறுக்கே நிறுவனத்தின் பெயரையும் திகதியையும் எழுதி, இந்தத் தேவைக்கு மட்டும் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். சம்பளம் வரவு வைக்கக் கணக்கு இலக்கமும் வங்கிக் கிளையும் போதும். வங்கி அட்டையின் இலக்கமோ, தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீடோ எந்த நிறுவனத்துக்கும் தேவையில்லை. நேர்முகத் தேர்வுக்கான குறியீடு என்று சொல்லிக் கேட்கப்படுவது பெரும்பாலும் உங்கள் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றும் குறியீடுதான். வாட்ஸ்அப்பில் Two-step verification என்பதை இன்றே இயக்கி, Linked devices பட்டியலில் தெரியாத கருவி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே எதையாவது அனுப்பிவிட்டிருந்தால், அவரைத் தடைசெய்வதற்கு முன் உரையாடல், இலக்கம், மின்னஞ்சல், கணக்கு விவரம் எல்லாவற்றையும் திரைப்பிடிப்பாகச் சேமியுங்கள். போலிக் கணக்கு நீக்கப்பட்டால் அதன் பக்கத்தை நீங்கள் மீண்டும் திறக்க முடியாமல் போகலாம். அதன் பிறகு லிங்க்ட்இனில் முறையிட்டு, பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் உங்கள் வங்கியை அழைத்து, சேமித்தவற்றுடன் பொலிஸிலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் முறைப்பாடு செய்யுங்கள். சான்றாளர்களின் இலக்கங்கள் அந்தக் கோவையில் இருந்திருந்தால் அவர்களுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.