மூணு தடவ தள்ளிப்போன இண்டர்வியூ

கடிதம்:

அக்கா வணக்கம்ங்க. நான் ஏற்காடு. இங்கயே ஒரு ரிசார்ட்ல மூணு வருஷமா அக்கவுண்ட்ஸ் பார்க்கறேன், சம்பளம் 17,000. கீழ சேலத்துல ஒரு கம்பெனில 'ஆபரேஷன்ஸ் எக்சிகியூட்டிவ்' வேலைக்குப் போட்டேன். இண்டர்வியூ தேதிய மூணு தடவ மாத்தினாங்க, அதுல ஒரு தடவ நான் பஸ் ஸ்டாண்டுல இறங்கினப்புறம் தான் போன் வந்துச்சு. கடைசியா நடந்தப்ப அந்த மேனேஜர் பாதி நேரம் செல்போனப் பார்த்துட்டே இருந்தார், கல்யாணம் எப்பன்னு கேட்டார், ஒரு கேள்விக்குத் தெரியலன்னு சொன்னதும் "மூணு வருஷமா என்னத்த பண்ணீங்க"ன்னார். இப்ப செலக்ட் ஆயிட்டேனாம், 24,000 சம்பளமாம், நாளைக்குள்ள சொல்லணுமாம். வீட்ல போகச் சொல்றாங்க. எனக்கு மனசு ஒட்டல. நான் தான் ரொம்ப யோசிக்கறனா அக்கா?
(பேர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

பதில்:

வணக்கம்மா. அவசரம்ங்கறதால ரெண்டு நாள் டைம் கேளுங்கன்னு அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன், அவங்களும் வியாழக்கிழமை வரைக்கும் குடுத்திருக்காங்க, நல்லது. இதே மாதிரி இன்னும் நாலஞ்சு பேர் கேட்டிருக்கறதால மீதிய இங்கயே விரிவா எழுதறேன். நீங்க ஒண்ணும் அதிகமா யோசிக்கல.

முதல்ல தேதி மாத்தின விஷயம். நான் பதினாலு வருஷம் ஆள் எடுக்கற பக்கம் உட்கார்ந்தவ, நானே எத்தனையோ பேருக்கு தேதி மாத்தியிருக்கேன், அதனால தள்ளிப்போனாலே அது மோசமான கம்பெனின்னு சொல்ல மாட்டேன். மேனேஜருக்கு காய்ச்சல் வரும், திடீர்னு ஆடிட் வரும், எல்லாம் நடக்கறது தான். தள்ளிப் போட்டப்ப அவங்க எப்படி நடந்துக்கிட்டாங்கன்னு தான் பார்க்கணும். முன்னாடியே சொன்னாங்களா, அடுத்த தேதிய அப்பவே குடுத்தாங்களா, இல்ல "அப்புறம் சொல்றோம்"னு வச்சுட்டாங்களா. உங்களுக்கு மூணு தடவையும் "அப்புறம் சொல்றோம்" தான், பத்து நாள் சத்தமே இல்ல, அப்புறம் திடீர்னு நாளைக்குக் காலைல வாங்கன்னு சொல்லியிருக்காங்க. இந்த மாதிரி இழுத்து இழுத்து கடைசில அவசரப்படுத்தினா, உள்ள பெரும்பாலும் மூணுல ஒண்ணு நடந்திருக்கும். அந்த போஸ்ட்டுக்கு மேலிடத்துல இன்னும் பண ஒப்புதல் வரல. இல்லேன்னா வேற ஒருத்தருக்கு ஆபர் குடுத்துட்டு அவர் பதிலுக்குக் காத்திருந்தாங்க, அவர் வரலன்னதும் உங்களக் கூப்பிட்டாங்க, இதுல தப்பு ஒண்ணும் இல்ல, ரெண்டாவதா கூப்பிட்டவங்க அருமையா வேலை பார்த்து நான் கண்ணால பார்த்திருக்கேன். மூணாவது தான் எனக்கு பயம், அந்த சீட்ல இன்னும் ஆள் இருக்காங்க, அவங்கள அனுப்பப் போறோம்ங்கறத அவங்களுக்கே சொல்லல.

இந்த மூணாவத நான் செஞ்சிருக்கேன். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில இருந்தப்ப ஆத்தூர்ப் பொண்ணு ஒருத்திக்கு நாலு தடவ தேதி மாத்தினேன், ஒவ்வொரு தடவையும் மேனேஜர் வெளியூர்னு சொன்னேன், உண்மைல அந்த சீட்ல இருந்த ஆள் லீவு போடற நாளுக்காகக் காத்திருந்தோம். அவ சேர்ந்தா. அந்தப் பழைய ஆள் கூட வேலை பார்த்தவங்க அவளுக்கு பாஸ்வேர்டு குடுக்கவே ரெண்டு மாசம் ஆக்கினாங்க, பழைய பில் பைல் எங்க இருக்குன்னு கேட்டா "முன்னாடி இருந்தவர கேளுங்க"ன்னாங்க, நாலாவது மாசம் அழுதுட்டே ரிசைன் பண்ணிட்டுப் போனா. எனக்கு அது இன்னைக்கும் உறுத்துது. அதனால தான் யார் கேட்டாலும் நான் சொல்ற முதல் கேள்வி, "இது புது போஸ்ட்டா, இல்ல யாராவது இருந்த இடமா, இருந்தவங்க இப்ப எங்க?" நேர்மையான இடத்துல ஒரு மூச்சுல பதில் வந்துரும், அவங்களுக்கு கல்யாணம் ஆகி சென்னை போயிட்டாங்க, புரமோஷன்ல போயிட்டாங்க, ஏதோ ஒண்ணு. முழுங்கினாங்கன்னா குறிச்சு வச்சுக்கோங்க.

அடுத்து வேலை என்னங்கறது. என் கணக்குல உங்க விஷயத்துல இதுதான் பெருசு, தேதி மாத்தினதெல்லாம் இதுக்கு அப்புறம் தான். நீங்க போன்ல சொன்னத வச்சுப் பார்த்தா விளம்பரத்துல ஆபரேஷன்ஸ், எச்ஆர் பொண்ணு சொன்னது கஸ்டமர்கிட்ட போன்ல பேசற வேலை, மேனேஜர் சொன்னது டீலர்கிட்ட நிக்கற பாக்கிய வசூல் பண்ணி மாசக் கடைசிக்குள்ள கணக்க முடிக்கணும்னு. ஒரே நாற்காலிக்கு மூணு வேலை. நம்ம ஊர்ல வேலை கலந்து இருக்கறது புதுசு இல்ல, ஒரு சேகோ பேக்டரிலயோ செவ்வாப்பேட்டைல கொலுசு பட்டறைலயோ கணக்குப்பிள்ளையா சேர்ந்தா பில்லும் நீங்க தான், பேங்க்கும் நீங்க தான், லாரிக்கு ஈவே பில்லும் நீங்க தான், ஆனா முதலாளி அத முதல் நாளே மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவார், "எல்லாம் பார்க்கணும்மா, முடியுமா"ன்னு. அது அகலமான வேலை, அத நான் குத்தம் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வந்திருக்கறது யாருமே முடிவு பண்ணாத வேலை. இதுல போய் உட்கார்ந்தா நீங்க கஸ்டமர நல்லா பார்த்துக்கிட்டா வசூல் ஏன் ஆகலன்னு கேப்பாங்க, வசூலுக்கு ஓடினா கஸ்டமர் கம்ப்ளெயிண்ட்டுக்கு நீங்க தான் பதில் சொல்லணும், ஆறு மாசம் கழிச்சு எத வச்சு உங்கள மதிப்பிடறாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. ப்ரொபேஷன்ல அனுப்பறதுக்கு இத விட சுலபமான வழி இல்ல.

இதத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. ஒரே கேள்விய எச்ஆர்கிட்டயும் மேனேஜர்கிட்டயும் தனித்தனியா கேளுங்க, "சேர்ந்து மூணு மாசத்துல நான் எத முடிச்சிருந்தா நீங்க சந்தோஷப்படுவீங்க?" வார்த்தை மாறலாம், விஷயம் ஒண்ணா இருக்கணும். ரெண்டு பேரும் வேற வேற சொன்னா அவங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசவே இல்லன்னு அர்த்தம்.

அந்த மேனேஜர் பத்தி. கடுமையா கேள்வி கேக்கறதும் மரியாதை இல்லாம பேசறதும் ஒண்ணு இல்ல, இத நிறைய பசங்க குழப்பிக்கறாங்க. ஜிஎஸ்டிஆர் 2பி-ல வராத ஒரு பர்ச்சேஸ் பில்ல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டு, அதுக்கு மேல சப்ளையர் பைல் பண்ணவே இல்லன்னான்னு கேட்டு, அதுக்கும் மேல கேட்டு, நீங்க தெரியலன்னு சொல்ற இடம் வரைக்கும் கொண்டு போறவர் கெட்டவர் இல்ல, உங்க ஆழத்த பார்க்கறார். நீங்க "தெரியல"ன்னு சொன்ன அடுத்த நிமிஷம் தான் ஆள் தெரியும். நல்லவர்னா ஒரு துப்பு குடுப்பார், இல்ல அடுத்த கேள்விக்குப் போயிடுவார். உங்ககிட்ட அவர் கேள்விய விட்டுட்டு உங்க மூணு வருஷத்த எடை போட்டிருக்கார். அதுவும் இவர் சும்மா பேனல்ல வந்து உட்கார்ந்தவர்னா பரவால்லன்னு விட்டுடலாம், தினமும் நீங்க ரிப்போர்ட் பண்ண வேண்டிய ஆளே இவர் தான். டீ கொண்டு வந்த அம்மாகிட்ட "அங்க வை"ன்னு நிமிராமலே சொன்னார், அவங்க உங்களுக்கு டம்ளர நீட்டினப்ப "அதெல்லாம் வேணாம் போ"ன்னு அனுப்பினார்னு சொன்னீங்கள்ல, எனக்கு அதுவே போதும். உங்க முன்னாடி நல்ல பேர் வாங்கணும்னு நினைக்க வேண்டிய நாள்லயே அப்படின்னா மத்த நாள் எப்படி இருக்கும்னு யோசிங்க.

கல்யாணக் கேள்விக்குப் பின்னாடியும் ஒரு கணக்கு இருக்கு. 2017-ல இருந்து பிரசவ லீவு 26 வாரம். மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்க ஈஎஸ்ஐ-ல இருந்தா அந்தக் காச ஈஎஸ்ஐ குடுத்துரும், அதத் தாண்டினா கம்பெனி குடுக்கணும். உங்களுக்குச் சொன்ன 24,000 அந்தக் கோட்டுக்கு மேல. அதனால தான் கேட்டாரான்னு நான் சத்தியம் பண்ண முடியாது, ஆனா நான் இருந்த ரூம்கள்ல இதே கணக்க வாய்விட்டுப் பேசி காதால கேட்டிருக்கேன். அடுத்த தடவ யாராவது கேட்டா "அது வேலைக்கு எப்படி சம்பந்தம்னு சொல்லுங்க சார்"னு அமைதியா கேளுங்க போதும்.

இன்னொண்ணு, 24,000-ங்கறது கைக்கா, இல்ல கம்பெனி உங்களுக்காகப் பண்ற மொத்த செலவான சிடிசியான்னு கேட்டீங்களா? சிடிசின்னா, பேசிக் 12,000-ன்னு வச்சுக்கிட்டா பிஎப் கம்பெனி பங்கு 1,440, கிராஜுவிட்டி 577 அதுக்குள்ளயே போயிரும், உங்க பங்கு பிஎப் இன்னொரு 1,440, கைக்கு வர்றது 20,500 பக்கம் தான். இதுல தினமும் மலை இறங்கி ஏற பஸ் காசு, 20 கொண்டை ஊசி வளைவு போக வர நேரம், இல்ல கீழ ஹாஸ்டல் வாடகை. போதாததுக்கு இப்ப 17,000-த்துல ஈஎஸ்ஐ பிடிக்கறாங்கன்னா அந்த ஆஸ்பத்திரி வசதியும் போயிரும், பதிலுக்கு இன்ஷூரன்ஸ் குடுக்கறாங்களான்னு கேட்டாகணும். வீட்ல 7,000 கூடுதல்னு பார்க்கறாங்க, நிஜமா கூடறது எவ்வளவுன்னு பேப்பர்ல எழுதிக் காட்டுங்க.

வியாழக்கிழமைக்குள்ள போன்ல பேசாம இப்படி ஒரு மெயில் போடுங்க:

"வணக்கம். தேர்வு செய்ததற்கு நன்றி. முடிவு சொல்வதற்கு முன் ஆபர் லெட்டர் அனுப்ப வேண்டுகிறேன். அதில் பதவி, முக்கியப் பொறுப்புகள், யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், பிடித்தம் போக மாதச் சம்பளம், ப்ரொபேஷன், நோட்டீஸ் பீரியட் ஆகியவை இருந்தால் உதவியாக இருக்கும். இப்போதைய இடத்தில் எனக்கு 30 நாள் நோட்டீஸ் உள்ளது."

இதுல திமிரும் இல்ல, கெஞ்சலும் இல்ல. ஒழுங்கான இடம்னா ஒண்ணு ரெண்டு நாள்ல லெட்டர் வரும், பொறுப்புகள்ங்கற இடத்துல அவங்களே உட்கார்ந்து யோசிச்சு எழுதியிருப்பாங்க, அப்ப நான் சொன்னத எல்லாம் மறுபடி எடை போட்டுப் பார்க்கலாம், ஒரு எச்ஆர் பொண்ணு மட்டும் இருக்கற சின்ன கம்பெனில குழப்பம் வர்றது சகஜம் தான். "அதெல்லாம் ஜாயின் பண்ணப்புறம் பேசிக்கலாம்"னு போன் மட்டும் வந்துச்சுன்னா வேண்டாம்னு சொல்லிருங்க. கைல ஒரு வேலை இருக்கு உங்களுக்கு, அதான் உங்க பலம். வேலையே இல்லாம வீட்ல கஷ்டத்துல இருக்கறவங்க கேட்டா நான் சேருங்கன்னு கூட சொல்லியிருப்பேன், கண்ண முழிச்சுக்கிட்டு சேர்ந்து வேற தேடிக்கிட்டே இருங்கன்னு. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்ல. கையெழுத்து போட்ட லெட்டர் வர்றதுக்கு முன்னாடி ரிசார்ட்ல வாயத் திறக்காதீங்க.

அப்படியே லெட்டர் வந்து நீங்களும் சேர முடிவு பண்ணிட்டா, டிகிரி சர்டிபிகேட் ஒரிஜினல சரிபார்க்கக் காட்டுங்க, வச்சுட்டுப் போங்கன்னா குடுக்காதீங்க. அன்னைக்கு சாயங்காலம் ஏற்காடு பஸ் ஏறும்போது அந்த பைல் உங்க மடில இருக்கணும்.