கத்துகிற டிக்கெட்டும் கத்தாத டிக்கெட்டும்: சப்போர்ட் இன்டர்னாகச் சேர்ந்த ஒரு மாணவருக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கஸ்டமர் சப்போர்ட்டில் இன்டர்னாகச் சேர்ந்து 3 வாரம் ஆகிறது, காலையில் லாகின் செய்தால் வாடிக்கையாளர்கள் எழுதிய பிரச்சினைகள் 40 டிக்கெட்டாக வரிசையில் நிற்கிறது, மேலே இருப்பதிலிருந்து பதில் எழுத ஆரம்பிக்கிறீர்கள், மதியம் டீம் லீடிடமிருந்து "இதை ஏன் காலையிலேயே சொல்லவில்லை" என்று மெசேஜ் வருகிறது. இந்த வேலை எனக்குச் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். டிக்கெட்டை எப்படிப் பிரிப்பது என்று உங்களுக்கு இன்னும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் நானும் சில வருடம் சப்போர்ட்டில் இருந்தவன், அதனால் நேராக வேலைக்குள்ளேயே போய்விடலாம்.

முதல் பழக்கம்: காலையில் வந்ததும் யாருக்கும் பதில் எழுதாதீர்கள். படியுங்கள். ஒரு டிக்கெட்டுக்கு அரை நிமிடம் என்றால் 40 டிக்கெட்டுக்கு 20 நிமிடம்தான் ஆகும். அந்த 20 நிமிடத்தில் ஒவ்வொன்றையும் திறந்து, தலைப்பை மட்டும் பார்க்காமல் உள்ளே எழுதியிருப்பதையும் படித்து, அர்ஜென்ட், ஹை, நார்மல், லோ என்று ஒன்றைப் போட்டுவிட்டு நகர வேண்டும். நடுவில் சுலபமான ஒன்று வரும், இதை ஒரே வரியில் முடித்துவிடலாமே என்று கை பரபரக்கும். முடிக்காதீர்கள், அந்த ஒரு வரி பத்து நிமிடமாகிவிடும், அதற்குக் கீழே என்ன கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமலே போகும்.

எதை வைத்துப் பிரிப்பது? நான் மூன்றே கேள்வி கேட்பேன். எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை? வேறு வழியில் அவர்களால் வேலையைத் தொடர முடியுமா, இல்லை அப்படியே நின்றுவிட்டார்களா? காத்திருந்தால் சேதம் கூடுமா? டிக்கெட் எழுதியவர் எவ்வளவு கோபமாக இருக்கிறார் என்பது இந்த மூன்றிலும் இல்லை, கவனியுங்கள். கோபத்தைப் பதில் எழுதும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், வரிசை போடும்போது வேண்டாம்.

ஒரு காலையை எடுத்துக்கொள்வோம். சிறு தொழில் செய்பவர்களுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்றுக்கு நீங்கள் சப்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலேயே ஒரு டிக்கெட், தலைப்பில் "மிக மிக அவசரம்!!!" உள்ளே போனால் லோகோ மாற்றினேன், பழைய லோகோவே தெரிகிறது என்று இருக்கிறது. ஒருவர்தான், பில் போட முடிகிறது, நாளை பார்த்தாலும் எதுவும் கெட்டுப்போகாது. நார்மல். அதற்குக் கீழே ஒன்று "பில் டவுன்லோட் ஆகவில்லை" என்கிறது, ஏழு டிக்கெட் தள்ளி இன்னொன்று "வெள்ளைத் திரை வருகிறது" என்கிறது, கடைசியில் ஒருவர் "பிரின்ட் வரவில்லை" என்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நார்மல். ஆனால் வந்த நேரத்தைப் பாருங்கள், 8.40, 8.52, 9.05. மூன்று பேர் மூன்று வார்த்தையில் ஒரே கோளாறைச் சொல்கிறார்கள். டெஸ்ட் அக்கவுண்ட்டில் நீங்களே ஒரு பில்லை டவுன்லோட் செய்து பாருங்கள், உங்களுக்கும் வெள்ளைத் திரை வந்தால் அது எல்லோருக்குமான பிரச்சினை. மூன்றையும் ஒன்றோடு ஒன்று இணைத்து, அர்ஜென்ட் போட்டு, அந்த நிமிடமே லீடுக்குச் சொல்ல வேண்டும். இதனால்தான் முதலில் முழுவதும் படிக்கச் சொல்கிறேன். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக்கொண்டு வருபவருக்கு இந்த மூன்றும் ஒன்று என்று 12 மணிக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒன்று அந்த வரிசையில் இருக்கிறது. ரொம்ப மரியாதையாக: "என் அக்கவுண்ட்டில் எனக்குத் தெரியாத ஒரு இமெயில் முகவரி சேர்ந்திருக்கிறது. நேரம் கிடைக்கும்போது பாருங்கள்." ஆச்சரியக்குறி இல்லை, அவசரம் என்ற சொல் இல்லை. நான் சேர்ந்த புதிதில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்றை நார்மல் போட்டுவிட்டு மறுநாள் திறந்தேன். அதற்குள் அந்த அக்கவுண்ட்டுக்குள் புகுந்தவன் பாஸ்வேர்டையே மாற்றி, உரியவரை வெளியே தள்ளியிருந்தான். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அக்கவுண்ட்டுக்குள் யாரோ புகுந்தது, பணம் தவறாகப் போனது, தகவல் அழிந்தது, ஒருவருடைய விவரம் இன்னொருவருக்குத் தெரிவது, இந்த நான்கும் எவ்வளவு மென்மையாக எழுதப்பட்டிருந்தாலும் அர்ஜென்ட். ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும் வகை இது.

இந்த வகை டிக்கெட்டில் இன்டர்ன் தானாக எதையும் மாற்றக் கூடாது. "அந்த இமெயிலை எடுத்துவிடுங்கள்" என்று கேட்பவரே திருடனாக இருக்கலாம், அவன் எடுக்கச் சொல்லும் முகவரிதான் உண்மையான உரிமையாளருடையதாக இருக்கலாம். அதே போல நீங்கள் அனுப்பும் பதில் எந்த முகவரிக்குப் போகிறது என்று பார்க்காமல் அனுப்பினால், புகுந்தவனுக்கே தகவல் சொன்னதாகிவிடும். டிக்கெட்டில் பிரயாரிட்டியை மாற்றியதோடு நிற்காமல் சாட்டிலோ போனிலோ லீடைக் கூப்பிடுங்கள், நம் டீம் மட்டும் பார்க்கும் இன்டர்னல் நோட்டில் வாடிக்கையாளர் என்ன பார்த்தார், எப்போது பார்த்தார், நீங்கள் என்ன சரிபார்த்தீர்கள், லீடிடம் என்ன கேட்கிறீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். அக்கவுண்ட்டைத் தற்காலிகமாக முடக்குவதும், ஆளை உறுதிசெய்வதும் லீடின் முடிவு. எந்த நிலையிலும் பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்கக் கூடாது. அப்புறம், இன்டர்னல் நோட் எழுதுகிறோம் என்று நினைத்து வாடிக்கையாளருக்கே அனுப்பிவிடுவது எல்லா டீமிலும் நடக்கிற விபத்து. அதனால் நோட்டில்கூட அவர் படித்தால் வருந்தும் சொல் எதுவும் வேண்டாம்.

சரி, பதிலுக்கு வருவோம். அந்த வெள்ளைத் திரைக்கு நீங்கள் இப்படி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் நாம் எல்லோரும் முதலில் இப்படித்தான் எழுதுவோம்:

"ஏற்பட்ட சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறோம். எங்கள் டீம் இதைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. விரைவில் சரிசெய்யப்படும். உங்கள் பொறுமைக்கு நன்றி."

மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்தவருக்குப் புதிதாக என்ன தெரிந்தது? தன் பிரச்சினை புரிந்ததா, தான் போட்ட பில் எல்லாம் இருக்கிறதா போய்விட்டதா, அதுவரை என்ன செய்வது, விரைவில் என்றால் எப்போது, எதுவும் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் திரும்ப எழுதுவார், இந்த முறை கோபமாக. உங்கள் வரிசை கடைசியாக மெசேஜ் வந்த நேரப்படி, பழையது மேலே என்று அடுக்கியிருந்தால் இன்னொரு கேடும் உண்டு: அவர் திரும்ப எழுதியதாலேயே அவருடைய டிக்கெட் கீழே போய்விடும். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். பில்லை டவுன்லோட் செய்யும்போது வெள்ளைத் திரை வருவதாக எழுதியிருந்தீர்கள். இன்று காலை 8.40 முதல் வேறு சிலருக்கும் இதே கோளாறு இருக்கிறது, தவறு எங்கள் பக்கம்தான், மன்னிக்கவும். நீங்கள் போட்ட பில்கள் அப்படியே இருக்கின்றன, டவுன்லோட் மட்டும்தான் வேலை செய்யவில்லை. இப்போதைக்கு பில்லைத் திறந்து 'இமெயில் அனுப்பு' பட்டனை அழுத்தினால் அது போய்ச் சேருகிறது, சற்று முன் சோதித்துப் பார்த்தேன். அடுத்த தகவலை 11.30 மணிக்குள் நான் எழுதுகிறேன், அதற்குள் சரியாகாவிட்டாலும் எழுதுவேன்."

இதில் மன்னிப்பு ஒரே முறைதான் வருகிறது, எதற்காக என்பதோடு சேர்ந்து. "பில்கள் அப்படியே இருக்கின்றன" என்ற வரியை டெவலப்பரிடம் கேட்டு உறுதியான பிறகுதான் எழுத வேண்டும், தெரியாவிட்டால் அந்த வரியையே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும்விடக் கடைசி வரியைக் கவனியுங்கள். கோளாறு எப்போது சரியாகும் என்பது உங்கள் கையில் இல்லை, அதனால் அதற்கு நேரம் சொல்லவில்லை. அடுத்த மெசேஜ் எப்போது என்பது உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு மட்டும் நேரம் சொல்லியிருக்கிறீர்கள். சொன்னால் 11.25-க்கு அலாரம் வையுங்கள். "இன்னும் சரியாகவில்லை, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அடுத்து 1 மணிக்கு எழுதுகிறேன்" என்று சொன்ன நேரத்தில் வந்த ஒரு மெசேஜ், கோபமாக இருந்தவரைக்கூட நிதானமாகப் பேச வைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

லோகோக்காரரை மறக்கவில்லை. அர்ஜென்ட் இரண்டையும் நகர்த்திய பிறகு அவருக்கு எழுதுங்கள். "அமைதியாக இருங்கள்" வேண்டாம், "இது சின்ன விஷயம்" வேண்டாம், உங்கள் டிக்கெட் நார்மல் என்று சொல்லவே வேண்டாம். என்ன பார்க்கிறார் என்பதை அவர் வார்த்தையிலேயே ஒரு வரி, பிரவுசரில் பழைய படம் தங்கியிருக்கலாம், அதை அழித்துப் பார்க்கும் முறை இரண்டு வரி, அப்படியும் வராவிட்டால் உங்களுக்கு வேண்டிய விவரம் எல்லாம் ஒரே மூச்சில்: எந்த பிரவுசர், போனா கம்ப்யூட்டரா, ஒரு ஸ்கிரீன்ஷாட். இன்று ஒரு கேள்வி, நாளை ஒரு கேள்வி என்று கேட்டால் இரண்டு நிமிட வேலை மூன்று நாள் இழுக்கும்.

டிக்கெட்டின் நிலையை மாற்றும்போதும் கவனம் வேண்டும். பல இடங்களில் பெண்டிங் என்றால் வாடிக்கையாளர் பதிலுக்காக நாம் காத்திருக்கிறோம் என்று அர்த்தம், சில நாள் அவர் எழுதாவிட்டால் சிஸ்டமே மூடிவிடும்படி வைத்திருப்பார்கள். நம் டெவலப்பருக்காகக் காத்திருக்கும் டிக்கெட்டைத் தெரியாமல் பெண்டிங்கில் போட்டால், சரிசெய்யாமலேயே "உங்கள் பிரச்சினை தீர்ந்தது" என்று அவருக்கு மெயில் போகும். அதற்குத் தனியாக ஆன்-ஹோல்ட் இருக்கிறதா என்று லீடிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, முதல் பதிலுக்கான நேரக்கணக்கை நிறுத்துவதற்காக வெறும் "பார்க்கிறோம்" என்று அனுப்பும் ஆட்களைப் பார்ப்பீர்கள். கணக்கில் பச்சை விழும், எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதைப் பழகாதீர்கள்.

பயத்தில் எல்லாவற்றுக்கும் ஹை போடுவதும் வேண்டாம். 40-ல் 15 ஹை என்றால் யாரும் அந்தச் சொல்லை நம்ப மாட்டார்கள். லோ போட்டவை வாரக்கணக்கில் கிடந்து பழசாகிவிடும், அதனால் தினமும் கடைசி அரை மணியை மிகப் பழைய டிக்கெட்டுகளுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

இந்த வாரம் முழுக்க ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு ஷீட்டில் டிக்கெட் எண், நீங்கள் போட்ட பிரயாரிட்டி, லீட் மாற்றியிருந்தால் என்ன மாற்றினார், ஏன் என்று நான்கு நெடுவரிசை. வெள்ளிக்கிழமை அதில் மாறிய வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவரிடம் 15 நிமிடம் கேளுங்கள். அந்த ஷீட்டை எனக்கும் அனுப்புங்கள், சரிப்படுமா என்று நீங்கள் கேட்டதை அதை வைத்துப் பேசுவோம்.