சீக்கிரம் காலாவதியாகும் சரக்கை எவ்வளவு எடுப்பது?

கேள்வி: சின்ன டிபார்ட்மெண்டல் ஸ்டோர் ஆரம்பித்து சில மாதம் ஆகிறது. பனீர், தயிர், பிரெட் எல்லாம் தேதி முடிந்து குப்பைக்குப் போகிறது. மொத்தமாக எடுத்தால் ஸ்கீம் தருகிறேன் என்கிறார் சேல்ஸ்மேன். எவ்வளவு ஆர்டர் போட்டால் சரியாக இருக்கும்?

ஸ்கீம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை. உங்கள் கடையிலும் கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜ் ஒன்றுதான் இருக்கும், அந்தத் தம்பியும் மாதக் கடைசியில்தான் வந்து நிற்பார் என்று நினைக்கிறேன். எங்கள் கடைக்கு வருகிறவர் அப்படித்தான். "அக்கா, ரெண்டு பெட்டி பனீர் எடுத்துக்குங்க, நாலு பாக்கெட் ஃப்ரீ, டார்கெட்டுக்கு கொஞ்சம்தான் பாக்கி" என்றார். ஒரு பெட்டி போதும் என்றேன். "இப்படி எடுத்தா கடை எப்படிக்கா வளரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அவரிடம் சொல்லாத கணக்கை உங்களுக்குச் சொல்கிறேன்.

200 கிராம் பனீர். மேலே 15 நாள் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது கம்பெனியிலிருந்து டிப்போ, டிப்போவிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் குளிர் அறை என்று சுற்றி வந்து நம் கையில் இறங்கும்போது 11 நாள்தான் மிச்சம். அந்த 11 நாளும் விற்க முடியுமா? முடியாது. தேதி முடிய மூன்று நாள் இருக்கும் பாக்கெட்டை யாரும் முழு விலைக்கு எடுப்பதில்லை, கையை உள்ளே விட்டுப் பின்னால் இருப்பதைத் தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானே அப்படித்தான் வாங்குவேன். ஆக, விற்கக் கிடைப்பது 8 நாள். எங்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் போகும். 8 × 3 = 24. வண்டி வந்து இறக்கிய பிறகு ஃபிரிட்ஜில் மொத்தம் 24 பாக்கெட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஏற்கெனவே 4 இருந்தால் 20 எடுக்கலாம். பெட்டியில் வருவதும் 20தான், பெட்டியைப் பிரித்துத் தர மாட்டார்கள். அதனால் எவ்வளவு எடுப்பது என்ற கேள்வி எனக்கு எப்போது எடுப்பது என்று மாறிவிடுகிறது.

இங்கே கவனியுங்கள், அந்த 4 என்பது சரக்கு வந்து இறங்கும்போது இருக்க வேண்டிய இருப்பு. ஆர்டர் சொன்னால் இரண்டு நாள் கழித்துத்தான் வண்டி வரும், அதற்குள் 6 போய்விடும். ஆகவே 10 இருக்கும்போது சொன்னால் சரியாக இருக்கும். நாலே நாலு பாக்கெட் மிச்சம் என்று பார்த்துப் பதறிப்போய் ஆர்டர் போட்டால் நடுவில் ஃபிரிட்ஜ் காலியாகிவிடும்.

சரி, இப்போது அந்த ஸ்கீம். பாக்கெட் 80 ரூபாய்க்கு வாங்கி 92க்கு விற்கிறோம் என்று வையுங்கள். லாபம் 12. ஒரு பாக்கெட் குப்பைக்குப் போனால் அந்த 80ஐ மீட்க இன்னும் ஏழு பாக்கெட் விற்றாக வேண்டும். ஒரு பெட்டி எடுத்தால் 1600 போட்டு 1840 வரும், 240 லாபம். இரண்டு பெட்டி எடுத்தால் 3200 கொடுத்து இலவசத்தோடு 44 பாக்கெட் வரும். பாக்கெட் 73 ரூபாய்கூட அடங்கவில்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முழு விலைக்கு விற்கப்போவது அதே 20தான், அதாவது 1840. கடைசி மூன்று நாளில் பாதி விலைக்குத் தள்ளி 10 பாக்கெட் போனால் 460. மொத்தம் 2300 வருகிறது. 900 நஷ்டம், 14 பாக்கெட் குப்பையில். விலை குறைந்தது என்பதற்காக எங்கள் தெருவில் யாரும் தினம் பனீர் சாப்பிடப் போவதில்லை.

"தேதி போனா நாங்க எடுத்துக்குவோம்க்கா" என்பார்கள். எடுத்துக்கொண்டும் போவார்கள். ஒரு முறை அப்படித் தயிர் கப் எடுத்துப் போன டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து வர வேண்டிய கிரெடிட் நோட் இன்றுவரை வரவில்லை, நடுவில் லைனுக்கு வரும் ஆளும் மாறிவிட்டார், புதியவருக்கு ஒன்றும் தெரியாதாம். ரிட்டர்ன் உண்டு என்று எழுத்தில் இருந்தால் ஒழிய அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரெட் வேறு. எங்கள் ஊர் பேக்கரி வண்டி தினம் வந்து நேற்றைய மிச்சத்தை எடுத்துக்கொண்டு அப்போதே பில்லில் கழித்துவிடும். அந்த ஏற்பாடு இருந்தால் பிரெட்டை தாராளமாகவே அடுக்கலாம், நஷ்டம் அவர்களுடையது.

ஒரு நாளைக்கு மூன்று என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். பில்லிங் மெஷின் ரிப்போர்ட்டை அப்படியே நம்ப வேண்டாம். வாரத்தில் 15 போயிருக்கிறது, ஆனால் இரண்டு நாள் ஸ்டாக்கே இல்லை என்றால் 7ஆல் வகுக்காமல் 5ஆல் வகுக்க வேண்டும். பாதி விலைக்குத் தள்ளியதை விற்பனையாக எண்ணக் கூடாது. அப்புறம் புரட்டாசி! அந்த மாதம் கறிக்கடைக்குப் போகாத வீடுகள் எல்லாம் பனீர், காளான் என்று வாங்குவதால் விற்பனை ஏறி நிற்கும். ஐப்பசி பிறந்தால் இறங்கிவிடும். புரட்டாசிக் கணக்கை வைத்து அதன் கடைசி வாரம் ஆர்டர் போட்டால் அது வந்து மாட்டுவது ஐப்பசியில்.

இரண்டு தேதிச் சரக்கை ஒன்றாக வைத்தால் இந்தக் கணக்கு எல்லாம் கெட்டுவிடும். புதியது கண்ணில் பட்டால் பழையது நகராது. பழையது முடியும்வரை புதுப் பெட்டியைப் பிரிக்காமல் அதே ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். நாலாம் நாள் எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் கடைசி நாள்வரை காத்திருக்காமல் பக்கத்து மெஸ்ஸுக்கு அன்றைக்கே ஒரு போன் போடுங்கள். இன்னும் தேதி இருக்கும்போது பத்து ரூபாய் குறைத்தால் வாங்குவார்கள், நமக்கும் அசல் கெடாது.

இ.ஓ.க்யூ. ஃபார்முலா தெரியாமல் பேசுகிறேன் என்று யாராவது வருவார்கள். தெரியும் சார். ஆர்டர் செலவையும் சரக்கை வைத்திருக்கும் செலவையும் சமன் செய்கிற சூத்திரம் அது, வழக்கமான வடிவத்தில் காலாவதித் தேதிக்கு இடம் இல்லை. அது 60 என்று சொன்னாலும் என்னால் 24ஐத் தாண்ட முடியாது. இந்த 24 மேல்வரம்புதான். மந்தமான வாரம் என்றால் அதற்கும் கீழேதான் போக வேண்டும். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கதை வேறாக இருக்கலாம், நான் சொல்வது நம்மைப் போன்ற ஒற்றை ஃபிரிட்ஜ் கடைக்கு.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும். ஃபிரிட்ஜிலிருந்து பனீரை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, கடையைச் சுற்றி வந்து, வேண்டாம் என்று தோன்றியதும் சோப்பு ராக்கில் சொருகிவிட்டுப் போகிறார்களே, அவர்களை என்ன செய்வது? சாயங்காலம் சொருகியது மறுநாள் பெருக்கும்போதுதான் கண்ணில் படும். அதில் தேதி பத்து நாள் இருந்தாலும் நான் மறுபடி உள்ளே வைப்பதில்லை. கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுப் போனால் யாரும் திட்டப் போவதில்லை, மளிகை வாங்க வருகிற யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கொடுத்துவிட்டுப் போங்கள்.