கணக்கில் 60 லட்சம் வரவு இருந்தும் கடன் தாங்கும் விகிதம் 1.2தானா?

“ஆத்தங்குடி கல் பட்டறை வைத்திருக்கிறேன். 12 மாதத்தில் கணக்கில் 60 லட்சம் வந்திருக்கிறது. பழைய கடன், கேட்கும் கடன் இரண்டுக்கும் சேர்த்து வருடத் தவணை 6 லட்சம். பத்து மடங்கு இருக்க, வங்கியில் 1.2 என்கிறார்களே?”

தவணையால் வகுக்க வேண்டியது வரவை அல்ல, செலவு போக மிஞ்சுவதை.

முதலில் வரவிலேயே கழிவு உண்டு. உங்கள் இன்னொரு கணக்கிலிருந்து மாற்றியது, நகைக்கடன் பணம், கைமாற்று, திரும்பி வந்த காசோலை எதுவும் விற்பனை ஆகாது. இவை 12 லட்சம் என்று வையுங்கள், நிற்பது 48. சிமெண்ட், மணல், கண்ணாடி, கூலி, மின்சாரம் 38.4 போனால் 9.6. வீட்டுச் செலவுக்கு எடுப்பது 2.4. மிச்சம் 7.2 லட்சம்.

7.2 ÷ 6 = 1.2

பெரும்பாலும் 1.25க்குக் குறைந்தால் யோசிப்பார்கள்.

உங்கள் கணக்கில் வரவு உப்பியதற்கு நகைக்கடன் காரணமாக இருக்கலாம். நம் பக்கம் நகையைத் திருப்பி மறுபடி வைப்பது சகஜம். ஒவ்வொரு முறையும் அது புது வரவாகப் பதிவாகும். அறிக்கையில் 50,000க்கு மேற்பட்ட, முழு ஆயிரங்களாக வந்த வரவுகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

தவணைப் பக்கம், கட்டியதை அல்ல, கட்ட வேண்டியதைப் போடுங்கள். இரண்டு மாதம் தவறியிருந்தாலும் 12 மாதமும் சேரும்.

ஒன்று கவனம்: தவணையில் ஏற்கெனவே இருக்கும் கடன் வட்டியைச் செலவிலும் சேர்த்திருந்தால் இரட்டைக் கழிவு. அப்படியானால் உண்மையான விகிதம் 1.2ஐவிடக் கூடுதலாக இருக்கும். அதைக் கேட்டுத் திருத்தச் சொல்லலாம்.