சம்பளக்காரருக்கு எவ்வளவு கடன்? வங்கி போடும் கணக்கு: கேள்வி-பதில்

கையில் வருவது 60,000 ரூபாய். வருமானத்தில் கடன் தவணைகளுக்குப் போகலாம் என்று வங்கி விடும் பங்கான எஃப்ஓஐஆர் 50 சதவீதம் என்றால் 30,000 வரை மாதத் தவணை கட்டலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா? (அரசு ஊழியர், சேலம்)

அந்த 30,000-ல் ஏற்கெனவே ஓடும் தவணைகளும் அடக்கம். மிச்சம்தான் புதுக் கடனுக்கு. அதைவிட, 60,000 என்ற எண்ணே சரிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டில் மொத்தம் 70,000. பிடித்தங்கள்: பி.எஃப். 3,600, வருமான வரி 1,400, கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கக் கடன் 5,000.

பி.எஃப்.பும் வரியும் சட்டப்படியான பிடித்தம். அவை போனது போனதுதான். சொசைட்டி பிடித்தம் அப்படியல்ல, அது கடன் தவணை. கடன் பிரிவில் இருப்பவர் அதை வருமானத்தோடு திரும்பக் கூட்டிவிட்டு, மாதாமாதம் கட்டியாக வேண்டிய கடமைகளின் பக்கத்தில் எழுதுவார். இப்படிச் செய்யாமல் 60,000-ஐ வைத்துக்கொண்டு கடமையிலும் 5,000 எழுதினால் ஒரே பணம் இரண்டு தடவை கழிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

அடுத்து, சீட்டில் உள்ள 4,000 எரிபொருள் படி. பில் கொடுத்து வாங்குகிற படியைப் பல வங்கிகள் வருமானமாகச் சேர்ப்பதில்லை. ஆக, 60,000 + 5,000 − 4,000 = 61,000. இதுதான் உங்கள் வருமானம்.

கடமைகள்: சொசைட்டி 5,000, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்பட்டு ஸ்டேட்மென்டில் மாதாமாதம் 'NACH' என்று ஓடும் பைக் தவணை 3,200, கிரெடிட் கார்டு பாக்கி 40,000-க்கு 2,000. மொத்தம் 10,200. இப்போதைய விகிதம் 17 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 50 சதவீத வரம்பு 30,500. புதுத் தவணைக்கு மிச்சம் 20,300. வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய் ஆகும். எனவே ஏறக்குறைய 23.4 லட்சம் கிடைக்கலாம். சொசைட்டியை இரண்டு தடவை கழித்திருந்தால் 20.5 லட்சத்தில் நின்றிருப்பீர்கள்.

வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். சம்பளம் குறைவாக இருந்தால் 40 சதவீதத்தை ஒட்டியும், கூடுதலாக இருந்தால் 60 வரையும் விடுவதுண்டு.

கார்டு பாக்கிக்கு 2,000 எங்கிருந்து வந்தது? நான் ஒவ்வொரு மாதமும் முழுதாகக் கட்டிவிடுகிறேனே! (அதே வாசகர்)

பாக்கியில் 5 சதவீதத்தை மாதக் கடமையாக எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். நீங்கள் முழுதாகக் கட்டினாலும், பில் போட்ட தேதியில் இருந்த தொகை கடன் அறிக்கையில் பாக்கியாகவே தெரியும். விண்ணப்பிப்பதற்கு முந்தைய பில் தேதிக்கு முன்பே பணத்தைக் கட்டிவிட்டால் அந்த எண் சுருங்கிவிடும். கார்டில் வாங்கிய பொருளைத் தவணையாக மாற்றியிருந்தால் அந்தத் தவணை கடமையில் ஏறிவிடும்.

எஸ்.ஐ.பி., எல்.ஐ.சி. பிரீமியமும் ஸ்டேட்மென்டில் தானாகப் போகின்றனவே, அவையும் கடமையா?

பொதுவாக இல்லை. வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்பதால் விட்டுவிடுவார்கள். ஆனால் ஸ்டேட்மென்டில் வெறும் குறியீட்டு எண்ணோடு போகும் பற்றுகளைக் கடன் தவணை என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எது எதற்கு என்று ஒரு தாளில் எழுதி இணைத்துவிடுங்கள்.

ஓவர்டைமும் இன்சென்டிவும் சேர்த்தால் மாதம் 15,000 கூட வருகிறது. சேருமா? (தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்)

சேரலாம், முழுதாக அல்ல. சில மாதச் சராசரி எடுத்து, அதில் பாதியைச் சேர்ப்பது ஒரு வழி. ஒரு மாதம் 22,000, அடுத்த மாதம் 3,000 என்று ஏறி இறங்கினால் மொத்தமாக ஒதுக்குபவர்களும் உண்டு. வங்கி கேட்குமுன் நீங்களே கடைசி ஆறு சீட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மிகக் குறைந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம் இருக்காது.

பைக் கடனில் இன்னும் ஒன்பது தவணைதான். முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாமா? (மீண்டும் சேலம் வாசகர்)

முடிந்தால் முடித்துவிடுங்கள். ஒன்பது தவணைக்கு மொத்தமே 28,800 ரூபாய். அசல் அதைவிடக் குறைவாகத்தான் நிற்கும். அதை அடைத்தால் 3,200 விடுபட்டு, புதுத் தவணைக்கு 23,500 மிஞ்சும். தகுதி ஏறக்குறைய 27 லட்சமாகும். முன்கூட்டி முடிக்கும் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் ஓரிரு தவணையே பாக்கி என்றால் வங்கியே சில நேரம் கணக்கில் எடுக்காது. ஒன்பதுக்கு அந்தச் சலுகையை நம்ப வேண்டாம்.

கடனை முடித்ததும் தடையில்லாச் சான்றை வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். ஆறு மாத ஸ்டேட்மென்டில் பழைய NACH பற்றுகள் இருக்கும். கடன் அறிக்கையில் கணக்கு முடிந்ததாகப் பதிவாகவும் சில வாரங்கள் ஆகலாம். சான்று இல்லாவிட்டால் கட்டி முடித்த கடனும் ஓடும் கடனாகவே எழுதப்படும்.